கோடு போடாத கூலித் தாள்: இடைவெளியை வைத்துக் கட்டம் பிரிக்கும் முறை

கட்டட வேலையில் பெரும்பாலான இடங்களில் வாரக்கூலி சனிக்கிழமை. அன்று மாலை மேஸ்திரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆள் கணக்கு எழுதுவார். இடப்பக்கம் பெயர், அடுத்து திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், பிறகு மொத்தம், நாள் கூலி, தொகை, முன்பணம், பாக்கி. மொத்தம் பன்னிரண்டு பத்திகள். ஒன்றுக்கும் கோடு கிடையாது. கண்ணளவில் இடம் விட்டு எழுதி, செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே இருப்பவர் அதை எக்செல்லில் ஏற்ற வேண்டும்.

எழுத்து புரியாததால் வரும் சிக்கல் இதில் குறைவு. இருப்பதெல்லாம் ஒன்று, அரை, சில மூன்று, நான்கு இலக்கத் தொகைகள்தான். சிக்கல் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதில். ஒருவர் ஐந்து நாள் வந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரியும். வராத நாள் புதனா வியாழனா என்பது தெரியாது. அதைச் சொல்வது அந்த வரியில் உள்ள வெற்றிடம் மட்டும்தான்.

இந்த வேலையில் பலரும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஆறு நாளையும் கூட்டினால் மொத்தம் வருகிறதா, மொத்தத்தைக் கூலியால் பெருக்கினால் தொகை வருகிறதா என்று பார்த்து, வந்தால் சரி என்று மூடிவிடுவார்கள். வரிக் கூட்டு எண்களைச் சரிபார்க்கும். எண்கள் நின்ற இடத்தைச் சரிபார்க்காது. திங்களில் இருக்க வேண்டிய ஒன்றைச் செவ்வாயில் போட்டாலும் மொத்தம் மாறாது, கூலி மாறாது, யாருக்கும் ஒரு ரூபாய் குறையாது. பின்னால் ‘கான்கிரீட் போட்ட வியாழக்கிழமை எத்தனை ஆள் இருந்தார்கள்’ என்று இன்ஜினியர் கேட்கும்போதுதான் தப்பு வெளியே வரும்.

படம்

இடைவெளியை அளக்கப் போகிறோம் என்பதால் படம் கோணலாக இருந்தால் அளவே கெட்டுவிடும். தாளைச் சமமான தரையிலோ மேசையிலோ வைத்து, நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுக்கச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும். ½ என்று எழுதியதில் ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரியும். அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வந்து சேரும்.

வந்த படம் கோணலாக இருந்தால் முதல் வேலை நிமிர்த்துவது. சாய்வாகப் பிடித்த படத்தில் தாளின் தூரத்து முனை குறுகியிருக்கும். மேல் வரியில் இரு பத்திகளுக்கு நடுவே 72 பிக்சல் இருந்தால் கீழ் வரியில் 84 இருக்கும். ஜிம்ப் போன்ற மென்பொருளில் நான்கு மூலையையும் பிடித்து இழுத்துச் செவ்வகமாக்கும் கருவி உண்டு. இழுக்கும்போது தாளின் ஓரங்களைத்தான் ஆதாரமாகக் கொள்ள வேண்டும், கையெழுத்தை அல்ல. பெயர்கள் தொடங்கும் இடப்பக்க ஓரம் நேர்கோடு போலத் தெரிந்தாலும் அது நேராக இருக்காது. எழுதிக்கொண்டு போகப் போகப் பலருக்கும் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகரும். அதை நிமிர்த்தினால் தாள் கோணலாகிவிடும். தாளின் மூலை படத்துக்குள் வராமல் போயிருந்தால் மட்டும், வேறு வழியில்லாமல் பெயர் ஓரத்தையும் பாக்கித் தொகையின் வல ஓரத்தையும் வைத்து நிமிர்த்தலாம்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியதாக இருந்தால் இன்னொரு கோளாறு உண்டு. நடுத் தையல் பக்கம் தாள் வளைந்து இறங்குவதால் அந்தப் பக்கத்துப் பத்திகள் நெருங்கித் தெரியும். எந்தக் கருவியாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை. வளைவு எல்லா வரிக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் ஒரு வரிக்குள் இந்த இடைவெளியையும் அந்த இடைவெளியையும் ஒப்பிடுவதைவிட, மேல் வரியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று மேலும் கீழுமாக ஒப்பிடுவது நம்பகமானது. வளையாத தாளுக்கும் இதே பழக்கம் நல்லதுதான்.

அளவுகோல் வரி

பலரும் தலைப்பு வரியை வைத்துப் பத்தி பிரிக்கத் தொடங்குவார்கள். அது சரியான இடமில்லை. தலைப்பு எழுதும்போது கீழே எவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. ‘முன்பணம்’ என்ற சொல் நீளமானது, அதன் கீழே வரப்போகும் 500 சின்னது. ‘தி’, ‘செ’ என்ற எழுத்துகளை நெருக்கமாக எழுதிவிட்டு, கீழே எண்களை அகலமாகப் பரப்புகிறவர்கள் உண்டு. பல தாள்களில் தலைப்பே இருக்காது. மேஸ்திரிக்கும் அலுவலகத்துக்கும் வரிசை தெரியும் என்பதால் எழுத மாட்டார்.

எல்லாக் கட்டமும் நிரம்பிய வரி எது என்று தேட வேண்டும். ஆறு நாளும் வந்து முன்பணமும் வாங்கியவர் ஒருவராவது இருப்பார். அந்த வரியில் பெயர் போகப் பதினொரு எண்கள் இருக்கும். ஒன்றுகூட விடுபடாததால் எந்தப் பத்தி எங்கே நிற்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதுதான் அளவுகோல் வரி. அப்படிப்பட்ட வரி இரண்டு இருந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் அமைந்தால் இன்னும் நல்லது. பத்திகள் எவ்வளவு சாய்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

படத்தைப் பெயிண்ட்டில் திறந்து எண்ணின் மேல் சுட்டியை வைத்தால், அடியில் அந்த இடத்தின் பிக்சல் அளவு காட்டும். முதல் எண், இடமிருந்து எவ்வளவு தூரம் என்பது. நமக்கு வேண்டியது அது மட்டும்தான். கணினியில் அளக்கப் பிடிக்காதவர்கள் படத்தை அச்செடுத்து ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்கலாம், கணக்கு ஒன்றேதான்.

தொகைப் பத்திகளுக்கு ஒரு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். அங்கே எண்ணின் தொடக்கத்தை அளக்கக் கூடாது. 4400-க்குக் கீழே 950 எழுதுகிற கணக்குத் தெரிந்தவர், ஒன்றாம் இட இலக்கத்தை ஒன்றாம் இடத்துக்குக் கீழேதான் வைப்பார். கூட்டுவதற்கு அதுதான் வசதி. ஆகவே தொகைகளுக்கு வல ஓரம், பெயர்களுக்கு இட ஓரம், ஒன்று, அரை போன்ற தனிக் குறிகளுக்கு நடு. இந்த மூன்றையும் கலந்து அளந்தால், நான்கு இலக்கமும் மூன்று இலக்கமும் சந்திக்கும் இடத்திலெல்லாம் பத்தி தள்ளாடுவது போலத் தோன்றும்.

ஒரு தாள், ஐந்து ஆள்

விளக்கத்துக்காக ஒரு மாதிரித் தாளை வைத்துக்கொள்வோம். இரண்டு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள். நாள் கூலி முறையே 900, 700, 600 என்று வைத்திருக்கிறேன். நிமிர்த்திய படத்தின் அகலம் 1600 பிக்சல்.

முதல் கொத்தனார் ஆறு நாளும் வந்திருக்கிறார், முன்பணமும் வாங்கியிருக்கிறார். அவர் வரிதான் அளவுகோல். அதில் நாள் குறிகள் 460, 540, 620, 700, 780, 860 ஆகிய இடங்களில் நிற்கின்றன. ஆக ஒரு நாள் பத்திக்கு 80 பிக்சல். மொத்தம் 970-இல். தொகை, முன்பணம், பாக்கி ஆகியவற்றின் வல ஓரங்கள் 1250, 1375, 1500.

இரண்டாவது கொத்தனார் வரியில் நாள் பகுதியில் ஆறு குறிகள் இருக்கின்றன. இடமிருந்து வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, ஒன்று. மொத்தம் 5½ என்று எழுதியிருக்கிறது. ஆறு குறி, ஆறு நாள், கூட்டினால் ஐந்தரை. எல்லாம் பொருந்துகிறது. அவசரமாகத் தட்டச்சு செய்பவர் வியாழக்கிழமை அரை நாள் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அது தப்பு.

இடங்களைப் பார்க்கலாம். குறிகள் 462, 541, 612, 640, 703, 866-இல் நிற்கின்றன. மூன்றாவது குறிக்கும் நான்காவதற்கும் நடுவே 28 பிக்சல்தான். 80 இருக்க வேண்டிய இடத்தில் 28 என்றால் அவை இரண்டு கட்டங்கள் அல்ல. ஒரே கட்டத்தில் எழுதிய ஒன்றரை. ஒன்றையும் அரையையும் சற்றுத் தள்ளி எழுதியிருக்கிறார், அவ்வளவே. இரண்டுக்கும் நடுப்புள்ளி 626; அளவுகோல் வரியில் புதன் 620. அடுத்த குறி 703, வியாழன். அதற்கடுத்தது 866, சனி. இடையில் 163 பிக்சல் வெற்றிடம், அதாவது இரண்டு பத்தி அகலம். ஆக அவர் புதன்கிழமை மாலையும் நின்று ஒன்றரை நாள் வேலை பார்த்திருக்கிறார், வெள்ளிக்கிழமை வரவில்லை.

கூடுதல் நேரத்தை ஒன்றரை என்று எழுதும் வழக்கம் இருக்கும் எந்தத் தாளிலும் இந்தக் குழி உண்டு. ஒன்றரையை இரண்டு கட்டமாகப் பிரித்தால் ஒரு குறி கூடும். வராத நாளை விட்டுவிட்டால் ஒரு குறி குறையும். இரண்டும் ஒரே வரியில் நடந்தால் குறிகளின் எண்ணிக்கை மறுபடி ஆறாகிவிடும். எண்ணிக்கை சரியாக இருப்பதாலேயே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அளக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அரையிலிருந்து அடுத்த ஒன்றுக்கு 63 பிக்சல்தான் இருக்கிறது, 80 இல்லை. ஒன்றரையின் வால் வலப்பக்கம் நீண்டதால் வந்த குறைவு அது. அதனால்தான் முந்தைய குறியிலிருந்து அடுத்த குறிக்கு எவ்வளவு என்பதை மட்டும் நம்பாமல், அளவுகோல் வரியில் அந்த இடத்தில் எந்த நாள் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இடைவெளி பத்தி அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஒரே கட்டம். ஒன்றரைப் பங்குக்கு மேல் இருந்தால் நடுவே ஒரு கட்டம் காலி. இந்தக் கணக்கு முதல் சல்லடைக்குப் போதும். தீர்ப்பு சொல்வது மேல் வரிதான்.

பெரியாளின் வரி சுலபம். 465, 545, 706, 783, 864. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 161, புதன் காலி. வெள்ளி அரை நாள். மொத்தம் 4½, தொகை 3150. அதன் பிறகு இன்னொரு 3150 மட்டும் இருக்கிறது. அது முன்பணமா பாக்கியா? வல ஓரங்கள் 1252, 1503. முன்பணம் நிற்க வேண்டிய 1375-இல் எதுவும் இல்லை. தொகையும் பாக்கியும் ஒன்றாக இருப்பதே முன்பணம் வாங்கவில்லை என்பதற்குச் சாட்சி. கணக்கு இடத்தையும் உறுதிசெய்யும் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. நாள் பத்திகளில், ஒரு வரிக்குள், அந்த வசதி கிடையாது.

முதல் சித்தாள் 468, 547, 627, 708, 788. ஐந்து குறிகள், பிறகு 978-இல் மொத்தம் 5. சனி காலி. இங்கே ஒரு எச்சரிக்கை. வரியின் கடைசி நாள் காலியாக இருந்து, மொத்தமும் 1 என்று இருந்தால், அந்த மொத்தமே சனிக்கிழமை வருகை போலத் தெரியும். வாரத்தில் ஒரே நாள் வந்தவர்களின் வரியில் இது நடக்கும். மொத்தப் பத்தி நாள் பத்திகளைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும் என்பதை அளவுகோல் வரியில் பார்த்து வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். நம் தாளில் சனிக்கும் மொத்தத்துக்கும் நடுவே 110.

இரண்டாவது சித்தாள்தான் இந்தத் தாளின் மோசமான வரி. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘புது ஆள்’ என்று எழுதியிருப்பதால் எழுத்து 490 பிக்சல் வரை நீண்டிருக்கிறது. முதல் குறி 550-இல். பெயருக்கும் முதல் குறிக்கும் நடுவே 60 பிக்சல். முதல் கொத்தனார் வரியிலும் பெயர் 400-இல் முடிந்து திங்கள் 460-இல் தொடங்குகிறது. அங்கும் 60 தான். பெயரிலிருந்து அளப்பவர் இதையும் திங்கள் என்றே எடுத்துக்கொள்வார். குறிகளும் ஆறு இருக்கின்றன: 550, 628, 708, 780, 808, 870. ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, அரை, ஒன்று. மொத்தம் 5½ என்று சரியாகவே வருகிறது.

மேலிருந்து வரிகள் இறங்க இறங்க நாள் பத்திகள் வரிக்கு இரண்டு மூன்று பிக்சல் வலப்பக்கம் நகர்ந்து வந்திருப்பதை முந்தைய வரிகளில் பார்த்தோம்: திங்கள் 460, 462, 465, 468. ஐந்தாவது வரியில் அது 470 அளவில் இருக்க வேண்டும். செவ்வாய் 550. ஆகவே முதல் குறி செவ்வாய், திங்கள் காலி. 780-உம் 808-உம் 28 பிக்சல் தள்ளி நிற்பதால் ஒரே கட்டம், வெள்ளி ஒன்றரை. கடைசிக் குறி சனி. வரியின் முதல் கட்டம் காலியா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் பெயரிலிருந்து அளக்காமல் வலப்பக்கத்திலிருந்து, மொத்தத்தில் தொடங்கி, பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவது பாதுகாப்பு. பெயரின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். மொத்தத்தின் இடம் மாறாது.

பிரித்து முடித்த தாள் இது. பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் தருகிறேன். கடைசி வரி, மேஸ்திரி அடியில் போட்ட கூட்டு.

```
1    1    1    1    1    1     6     900   5400  1000   4400
1    1    1½   1         1     5½    900   4950   500   4450
1    1         1    ½    1     4½    700   3150         3150
1    1    1    1    1          5     600   3000   300   2700
     1    1    1    1½   1     5½    600   3300         3300
4    5    4½   5    4    4     26½        19800  1800  18000
```

கீழ்க் கூட்டு

நாள் பத்திகளில் இடத்தைச் சரிபார்க்கும் ஒரே கணக்கு இந்தக் கடைசி வரிதான். நாள்வாரியாக எத்தனை ஆள் என்று மேஸ்திரி அடியில் எழுதியிருந்தால் அதைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும். படம் எடுக்கும்போது அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல அது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாவது, ஐந்தாவது வரிகளை இடைவெளி பார்க்காமல் குறிகளின் வரிசைப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஐந்து வரிகளின் மொத்தமும் சரி. தொகை, பாக்கி எல்லாம் சரி. வாரத்தின் மொத்த ஆள் 26½, அதுவும் சரி. ஆனால் கீழ்க் கூட்டில் திங்கள் 4-க்குப் பதில் 5 வரும், புதன் 4½-க்குப் பதில் 4, வியாழன் 5-க்குப் பதில் 4½. மூன்று நாள் இடிக்கிறது, தப்பு பிடிபட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமையை மட்டும் தனியாகப் பாருங்கள். தப்பாக ஏற்றிய தாளிலும் அதன் கூட்டு 4 தான், மேஸ்திரி எழுதியதும் 4 தான். ஆனால் அந்தப் பத்தியில் இரண்டு கட்டங்கள் தப்பு. வராத கொத்தனாருக்கு ஒரு நாள் கூடியிருக்கிறது, ஒன்றரை நாள் பார்த்த சித்தாளுக்கு ஒரு நாள் குறைந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று அடித்துப் போய்விட்டது. இதனால்தான் இடிக்கும் பத்திகளை மட்டும் திருத்துவது போதாது. எந்த வரி சந்தேகத்துக்குரியதோ அதை முழுதாக மறுபடி அளக்க வேண்டும். இரண்டு வரிகளில் இரண்டு நாட்கள் எதிரெதிராக மாறியிருந்தால், அதாவது ஒருவரின் செவ்வாய் புதனுக்கும் இன்னொருவரின் புதன் செவ்வாய்க்கும் போயிருந்தால், வரிக் கூட்டும் கீழ்க் கூட்டும் இரண்டுமே சரியாக வரும். எந்தக் கூட்டலாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே மிஞ்சுவது இடைவெளி மட்டும்தான்.

எக்செல்லில் பெயர் `A` பத்தியிலும், நாட்கள் `B` முதல் `G` வரையிலும், அடுத்து மொத்தம் முதலானவையும் இருந்தால் சோதனைகள் இவ்வளவே:

```
=SUM(B2:G2)=H2
=H2*I2=J2
=J2-K2=L2
=SUM(B2:B6)=B7
```

முதல் மூன்றும் ஒவ்வொரு வரிக்கும், நான்காவது ஒவ்வொரு நாள் பத்திக்கும். இங்கே மேஸ்திரி எழுதிய மொத்தத்தையும் கீழ்க் கூட்டையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கேயும் சூத்திரம் போட்டுவிட்டால் நம் தப்பை நாமே ஆமோதித்தது போலாகும். அரை நாளை `0.5` என்று அடிக்க வேண்டும்; `1/2` என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும், கூட்டு நாற்பதாயிரத்தைத் தாண்டிப் போய் நிற்கும்.

வரி சறுக்குவது

பத்தி பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கோடில்லாத தாளில் வரியும் நழுவும். நீளமாக எழுதும்போது பலரின் கை வலப்பக்கம் போகப் போக மேலே ஏறும். வரிக்கு வரி 70 பிக்சல் இடம் விட்டு எழுதுகிறவரின் வரி, பெயரிலிருந்து பாக்கிக்குப் போவதற்குள் 45 பிக்சல் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியாளின் பெயர் மேல் ஸ்கேலைப் படுக்கையாக வைத்தால், வல முனையில் அவருடைய பாக்கி ஸ்கேலுக்கு 45 பிக்சல் மேலே இருக்கும். அடுத்த வரிச் சித்தாளின் பாக்கி ஸ்கேலுக்கு 25 பிக்சல் கீழேதான் இருக்கும். பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டால் 3150-க்குப் பதில் 2700 வந்துவிடும்.

ஸ்கேல் வைக்காமல், ஒரு குறியிலிருந்து அதற்கு வலப்பக்கத்தில் மிக அருகில் இருக்கும் குறிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி போலத் தாவிப் போக வேண்டும். ஒரு தாவலில் ஏற்றம் மூன்று நான்கு பிக்சல்தான், வழி தவறாது. நாள் பகுதியில் நிறைய காலி இருக்கும் வரியில் சங்கிலி அறுந்துபோகும். அங்கே மேல் வரியின் ஏற்றத்தை அப்படியே இறக்கிப் பார்க்கலாம், ஒருவர் கை ஒரே தாளில் ஏறத்தாழ ஒரே சாய்வில்தான் போகும். வரி தப்பியதை நல்லவேளையாகக் கணக்கே காட்டிக்கொடுக்கும். மொத்தம், கூலி, தொகை மூன்றும் பெருக்கலால் கட்டுண்டவை என்பதால் தொகைப் பக்கம் ஒரு வரி சறுக்கினால் உடனே இடிக்கும்.

வரிகளை எண்ணும்போது பெயர்களை எண்ணாமல் பாக்கிகளை எண்ணுங்கள். நீளமான பெயர் இரண்டு வரியாக மடிந்திருக்கும், கீழே ‘மாலை வரவில்லை’ என்று குறிப்பு இருக்கும். அவையெல்லாம் தனி ஆள் போலத் தோன்றும். பாக்கி ஆளுக்கு ஒன்றுதான்.

எழுதிய விதம்

அளவு இரண்டுங்கெட்டானாக, ஒரு குறி சரியாக இரண்டு பத்திகளுக்கு நடுவே நிற்கும்போது என்ன செய்வது? அங்கே தாள் எப்படி எழுதப்பட்டது என்று பார்ப்பதுதான் என் முறை.

சில மேஸ்திரிகள் தினமும் மாலையில் அன்றைய வருகையை எழுதுவார்கள். அப்போது தாள் மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக நிரம்பும். திங்கள் முழுக்க நீல மை, செவ்வாய் முழுக்கக் கறுப்பு என்று இருக்கலாம். பேனா ஒன்றாகவே இருந்தாலும் அழுத்தமும் எழுத்தின் பருமனும் நாளுக்கு நாள் மாறும். நடுவே நிற்கும் குறியை அதன் இடப் பத்தியின் மையோடும் வலப் பத்தியின் மையோடும் ஒப்பிட்டால் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட தாளில் பத்திகள் நேராக இறங்கும், வரிகள்தான் தள்ளாடும்.

வேறு சிலர் சின்னக் குறிப்பு நோட்டைப் பார்த்துச் சனிக்கிழமை மொத்தமாக எழுதுவார்கள். அப்போது தாள் வரி வரியாக நிரம்பும், மை எங்கும் ஒன்றே. வரிகள் ஒழுங்காக ஓடும், பத்திகள்தான் தள்ளாடும். வராத நாளுக்கு முழு இடம் விடாமல் அரை இடம் விட்டு அடுத்த குறியை எழுதிவிடுவார்கள். அதன் பிறகு வரும் எல்லாக் குறிகளும் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். இத்தகைய வரியில் மேல் வரியோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று குறிகள் தொடர்ந்து ஒரே அளவு தள்ளி நிற்கும். ஒரு குறி மட்டும் தள்ளி நின்றால் அது கைத்தடுமாற்றம். தொடர்ந்து எல்லாமே தள்ளி நின்றால், தள்ளல் தொடங்கும் இடத்தில்தான் காலிக் கட்டம் இருக்கிறது.

காலி என்று சொல்வதிலும் வகை உண்டு. வெறும் இடம் ஒன்று. சிறு கோடு இன்னொன்று. புள்ளி, பூஜ்யம், பெருக்கல் குறி எல்லாம் உண்டு. பெருக்கல் குறியைச் சிலர் வரவில்லை என்பதற்கும் சிலர் வந்தார் என்பதற்கும் போடுவார்கள். மொத்தத்தோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். கூலிப் பத்தியில் 900-க்குக் கீழே இரண்டு சின்னக் கோடு போட்டிருந்தால் மேலே உள்ளதே என்று அர்த்தம். பழைய கணக்கு வழக்கில் வந்தவர்கள் ௸ என்ற மேற்படிக் குறியே போடுவார்கள். நாள் பத்தியில் இரட்டைக் கோடு வந்தால் அது மேற்படியா, பக்கத்துப் பக்கத்து இரண்டு ஒன்றுகளா என்று உயரத்தைப் பார்க்க வேண்டும். மேற்படிக் கோடுகள் வரியின் பாதி உயரம்கூட இருக்காது.

ஏற்றும்போது இவற்றையெல்லாம் ஒரே காலியாக்கிவிடக் கூடாது. கோடு இருந்தால் கோடு, வெறுமையாக இருந்தால் வெறுமை. கோடு என்பது ஆள் வரவில்லை என்று மேஸ்திரி முடிவாகச் சொன்னது. வெறுமை அவர் எழுத மறந்ததாகவும் இருக்கலாம். தீர்மானிக்க முடியாத கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசி, பக்கத்தில் ‘வியாழன் அல்லது வெள்ளி’ என்று குறித்து வைத்தால் போதும். ஊகத்தைச் சாதாரண எண்ணாக எழுதிவிட்டால் அடுத்த வாரம் அது ஊகம் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வரிவரியாகவும் மற்றவர் பத்திபத்தியாகவும் தனித்தனியே ஏற்றி ஒப்பிடலாம். இருவரும் ஒரே திசையில் படித்தால் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். பத்திபத்தியாகப் படிப்பவர் திங்கள் பத்தியை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும்போது, ஐந்தாவது வரியில் அந்த இடத்தில் குறிக்குப் பதிலாக ‘புது ஆள்’ என்ற எழுத்து உட்கார்ந்திருப்பது உடனே கண்ணில் படும்.

கீழ்க் கூட்டும் இல்லை, மையும் ஒன்று, இடைவெளியும் சொல்லவில்லை என்றால் மேஸ்திரிக்குப் போன் செய்வதைத் தவிர வழியில்லை. கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. ‘ரெண்டாவது கொத்தனார் அஞ்சரை நாள்தானே மேஸ்திரி?’ என்று கேட்டால் ‘ஆமா சார்’ என்பார். அது ஏற்கெனவே தெரிந்ததுதான். ‘வெள்ளிக்கிழமை எந்தக் கொத்தனார் வரலை?’ என்று கேட்க வேண்டும். அன்று என்ன வேலை நடந்தது என்பதை வைத்து அவர் யோசித்துச் சொல்வார். திங்கட்கிழமை புது வாரம் தொடங்குவதற்குள் கேட்டுவிடுவது நல்லது. சனிக்கிழமை மாலை கூலி வாங்கிக்கொண்டு ஆட்கள் இன்னும் நிற்கும் நேரம் என்றால், பக்கத்தில் இருப்பவரையே கேட்டுச் சொல்லிவிடுவார்.